சாம்பிள் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் தண்ணீர்

எங்கள் துறையில் வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் இதுவரை யாரும் தோற்றதில்லை. ப்ராஜெக்ட் என்ற பெயரில் என்ன கூத்தடித்திருந்தாலும், கட்டி முடித்த புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சேலை கட்டி, 'குட் மார்னிங் சார்' என்று தெளிவாகச் சொல்லிவிட்டால் போதும், பாஸ். வெளியிலிருந்து வரும் தேர்வாளருக்கு, எங்கள் பாஷையில் எக்ஸ்டெர்னலுக்கு, பொன்னாடை உண்டு, மதியம் இலை போட்டுச் சாப்பாடு உண்டு. அந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு யாருக்கும் யாரையும் ஃபெயில் ஆக்க மனம் வராது என்பது எங்கள் துறைத் தலைவரின் அனுபவம். அதனாலேயே கஷ்டமான மாணவர்களைப் பிற்பகலுக்கு ஒதுக்குவார். என்னையும் பிற்பகலுக்குத்தான் ஒதுக்கியிருந்தார், காரணம் என் வாய்.

எம்.எஸ்.சி. பயோடெக்னாலஜி கடைசி வருஷம். தஞ்சாவூரிலிருந்து பாபநாசம் போகும் சாலையில், வயலுக்கு நடுவே மண் அடித்து மேடாக்கிக் கட்டிய கல்லூரி. ஐப்பசி, கார்த்திகையில் மழை விடாமல் பெய்தால் சுற்றிலும் நட்ட பயிர் தண்ணீரில் மூழ்கிக் கிடப்பது லேப் ஜன்னலிலிருந்தே தெரியும். ஆகவே என் ப்ராஜெக்ட் தலைப்பு மூழ்கினாலும் பிழைத்துக்கொள்ளும் நெல் பற்றியது. அப்படி ஒரு மரபணு இருக்கிறது. அதை ஏற்றிய புது ரகத்தை எங்கள் பக்கத்து விவசாயிகள் 'சப் ஒன்' என்பார்கள். இரண்டு வாரம் வரை தண்ணீருக்குள் கிடந்தாலும், வடிந்த பிறகு தலைதூக்கும். விவசாயிகள் 'சப் ஒன்' என்று நம்பி வைத்திருக்கும் விதையில் உண்மையிலேயே அந்த மரபணு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை.

வேலை ஒன்றும் பிரமாதம் இல்லை. விதையை முளைக்கப் போட்டு, இளம் இலையை அரைத்து, டி.என்.ஏ.வைப் பிரித்து எடுக்க வேண்டும். தேடுகிற துண்டை அடையாளம் காட்டும் ப்ரைமரைச் சேர்த்து, அதை மட்டும் பி.சி.ஆர். இயந்திரத்தில் பல மடங்காகப் பெருக்கி, ஜெல்லில் ஓட்டி, யூவி விளக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். மரபணு இருந்தால் ஒரு பட்டை பளிச்சென்று ஒளிரும். இல்லையென்றால் இருட்டு. ஆனால் இந்தப் பட்டையை நம்புவதற்கு இரண்டு சாட்சிகள் தேவை. மரபணு நிச்சயம் இருக்கும் ஒரு நெல், நிச்சயம் இல்லாத ஒரு நெல். முதலாவதில் பட்டை வர வேண்டும், இரண்டாவதில் வரக் கூடாது. இது தவிர டி.என்.ஏ.க்குப் பதில் வெறும் தண்ணீர் விட்ட ஒரு குழாயும் வைப்போம், கலவையில் அழுக்குச் சேர்ந்திருந்தால் காட்டிக்கொடுக்க.

மரபணு உள்ள நெல்லை ஆராய்ச்சி நிலையத்தில் மனு எழுதிக் கொடுத்து வாங்கினேன். இல்லாத நெல்லுக்கும் அங்கேயே ஒரு வரி சேர்த்து எழுதியிருக்கலாம். வீட்டுக் குதிரில் பழைய ரகம் மூட்டை மூட்டையாகக் கிடக்கும்போது அதைப் போய் ஓர் அரசாங்க அலுவலகத்தில் கேட்பதா? அப்பாவிடம் கேட்டேன்.

"பழசுதான். இதுல என்ன சந்தேகம்? நம்ம வீட்டுல புது ரகம் போட்டதே இல்ல. வேணும்னா எழுதித் தரவா?" என்றார் அப்பா.

எழுதித் தரச் சொல்லவில்லை. பெற்ற தகப்பனிடம் யார் சான்றிதழ் கேட்பார்கள்? ஒரு படி விதையைத் துணிப்பையில் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். டெல்டாவில் நெல் விஷயத்தில் அப்பா சொல்வது அறிவியல் என்றே வளர்ந்தவள் நான்.

அந்த நெல்லில் பட்டை வந்தது.

சும்மா மங்கலாக அல்ல. ஆராய்ச்சி நிலையத்து நெல்லுக்குப் போட்டியாக, திருவிழா சீரியல் பல்பு மாதிரி. தண்ணீர்க் குழாய் சுத்தமாக இருட்டாக இருந்தது, ஆகவே அழுக்கு என்று பழி போடவும் வழி இல்லை. மறுபடி ஓட்டினேன். மறுபடியும் வந்தது. மூன்றாவது முறை ஓட்ட, டி.என்.ஏ.வைப் பெருக்கும் என்சைம் இல்லை. புதிதாக வாங்க வேண்டுமென்றால் துறைத் தலைவர் கையெழுத்து, முதல்வர் கையெழுத்து, அப்புறம் கம்பெனிக்காரர் ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்ப வேண்டும். அதற்குள் புத்தகம் கட்டக் கொடுக்கும் தேதி வந்துவிட்டது.

என் கைடு ஒரு மேடம். என்னைவிட ஆறேழு வயதுதான் மூத்தவர். ஒரத்தநாட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். ஒப்பந்த ஆசிரியர். ஒவ்வொரு வருஷமும் வைவா முடிந்த கையோடு, அடுத்த வருஷம் இவர் வேண்டுமா வேண்டாமா என்று துறைத் தலைவர் ஒரு வரி எழுதுவார். அந்த ஒரு வரிக்காக மேடம் வருஷம் முழுவதும் யாரும் தொடாத வேலைகளையெல்லாம் இழுத்துப் போட்டுச் செய்வார். அந்த வருஷம் அவர் கீழே ப்ராஜெக்ட் செய்தது நான் ஒருத்திதான். நான் சொதப்பினால் அவர் சொதப்பியதாக அர்த்தம். இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. துறையில் பியூனுக்குக்கூடத் தெரியும்.

ஜெல் போட்டோவை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார் மேடம்.

"அப்பா நெல்லு ஓடின லேனை மட்டும் வெட்டிடலாமா மேடம்?" என்று நான்தான் கேட்டேன். சும்மா கேட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான்.

"போட்டோல எல்லாம் கை வைக்கக் கூடாது. அது தப்பு," என்றார். குரலில் அவ்வளவு கண்டிப்பு. பிறகு பேனாவை எடுத்தார். "இதையும் ஒரு விவசாயியோட சாம்பிள்னு போட்டுடு. உங்கப்பா விவசாயிதானே?"

அப்படித்தான் என் அப்பாவின் நெல் சாட்சிக் கூண்டிலிருந்து இறங்கி சாம்பிள் ஒன்று ஆனது. எங்கள் சீப்பில் பதினைந்து பல். ஜெல் ஊற்றும்போது அந்தச் சீப்பைச் செருகி எடுத்தால் பதினைந்து குழி கிடைக்கும். முதல் குழியில் அளவுக்கான லேடர், இரண்டாவதில் ஆராய்ச்சி நிலையத்து நெல், மூன்றாவதில் அப்பா, நான்காவதில் தண்ணீர், மிச்சத்தில் விவசாயிகள் பதினொரு பேர். இப்போது அப்பாவையும் சேர்த்துப் பன்னிரண்டு. பன்னிரண்டு சாம்பிள் என்றால் கேட்கவும் லட்சணமாக இருந்தது. மரபணு இல்லாத நெல் வரிசையிலேயே கிடையாது, அவ்வளவுதான். புத்தகம் கறுப்பு அட்டை போட்டு, தங்க எழுத்தில் என் பெயரும் மேடம் பெயரும் பொறித்துக்கொண்டு வந்து சேர்ந்தது.

வைவாவுக்கு இரண்டு வாரம் இருந்தது. தயாரிப்பு ஆரம்பமானது.

சீனியர்கள் வழிவழியாகக் கைமாற்றும் ஒரு பி.டி.எஃப். உண்டு. 'வைவாவில் கேட்கக்கூடியவை' என்று தலைப்பு. கேள்வியும் அங்கேயே, பதிலும் அங்கேயே. தலைப்பை மட்டும் மாற்றிக்கொண்டால் நெல்லுக்கும் பொருந்தும், மீனுக்கும் பொருந்தும், தோல் நோய்க் கிருமிக்கும் பொருந்தும். 'உங்கள் ஆய்வின் குறைபாடுகள் என்ன?' என்ற கேள்விக்கு எல்லாருக்கும் ஒரே பதில்தான். நேரமும் நிதியும் போதவில்லை. கோயில் அர்ச்சனை மாதிரி, பெயர் நட்சத்திரம் மட்டும் மாறும்.

ஹாஸ்டலில் என் அறைத்தோழி கடலோரத்துப் பெண். அவள் அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். கருவாட்டுக் கடைகளில் ஒரு மீன் பெயரைச் சொல்லி இன்னொன்றை விற்கிறார்களா என்று டி.என்.ஏ.வை வைத்துக் கண்டுபிடிப்பது அவள் ப்ராஜெக்ட். அவள் குடும்பத்துக்காரர்களே பாதிப் பேர் அந்த வியாபாரத்தில் இருந்ததால் முடிவு வந்த பிறகு அவளுக்கு ஊருக்குப் போகவே பயம். தினமும் சாயங்காலம் அவள் எக்ஸ்டெர்னல், நான் பரிட்சைக்காரி. பிறகு மாறிக்கொள்வோம். கழுத்தில் துண்டைப் பொன்னாடையாகப் போட்டுக்கொண்டு கட்டிலில் சாய்ந்துகொள்வாள்.

"ஏம்மா இந்தத் தலைப்பை எடுத்த?"

"டெல்டாவுல வெள்ளத்தால வருஷா வருஷம் விவசாயிகள் பாதிக்கப்படுறாங்க சார்."

"உண்மையச் சொல்லுடி."

"போன வருஷத்து அக்கா வாங்கின ப்ரைமர் ஃப்ரீசர்ல மிச்சம் இருந்துச்சு சார்."

"சாம்பிள் ஏன் பன்னிரண்டு?"

"சீப்புல பல்லு பதினஞ்சுதான் சார்."

இருவரும் சிரித்துப் புரண்டோம். ஆனால் எனக்கு ஒரு குணம், விளையாட்டாக ஆரம்பித்தாலும் பாதியில் கோபம் வந்துவிடும். நான் ஏன் 'நேரமும் நிதியும்' என்று கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்க வேண்டும்? என் ஆய்வில் உண்மையான குறைகள் இருக்கின்றன, நல்ல தரமான குறைகள். அவற்றை நானே சொல்லிவிட்டுப் போகிறேன் என்று உட்கார்ந்து படித்தேன். ப்ராஜெக்ட் செய்த மாதங்களில் படித்ததைவிட அதன் ஓட்டைகளைப் பற்றி அந்த இரண்டு வாரத்தில் அதிகம் படித்தேன்.

பட்டை வந்துவிட்டால் நெல் வெள்ளத்தைத் தாங்கிவிடுமா? தாங்கும் என்று சொல்ல முடியாது. அதே மரபணுவிலேயே தாங்காத வடிவமும் சில ரகங்களில் உண்டு. என் பட்டை இரண்டையும் பிரித்துக் காட்டியதா என்று அந்தத் துண்டின் எழுத்து வரிசையைப் படித்தால்தான் தெரியும், நான் படிக்கவில்லை. நிஜமாகவே தெரிய வேண்டுமென்றால் நாற்றைத் தொட்டியில் முழுக்க மூழ்கடித்து, எடுத்த பிறகு எத்தனை பிழைக்கிறது என்று எண்ண வேண்டும். அதையும் செய்யவில்லை. பட்டை வராத சாம்பிள்களில் மரபணு இல்லை என்றாவது சொல்லலாமா? அதுவும் கூடாது. டி.என்.ஏ. சரியாக வராமல் போயிருந்தாலும் இருட்டுதான். எல்லா நெல்லிலும் இருக்கும் வேறொரு மரபணுவுக்கும் சேர்த்து ஓட்டியிருந்தால் தெரிந்திருக்கும். ஒவ்வொரு சாம்பிளுக்கும் ஒரு நாற்றின் இலையையா எடுத்தேன்? இல்லை, பத்து நாற்றின் இலையை ஒன்றாக அரைத்தேன். பத்தில் ஒன்றில் மரபணு இருந்தாலும் பட்டை வரும். ஆகவே 'இந்த மூட்டை சப் ஒன்' என்று சொல்லவே எனக்கு உரிமை இல்லை. 'இந்த மூட்டைக்குள் சப் ஒன்னும் இருக்கிறது' என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இப்படி ஒவ்வொன்றாக எழுதி மனப்பாடம் செய்தேன். இவ்வளவு நேர்மையான மாணவியை இந்த வளாகம் பார்த்திருக்காது என்று எனக்கே என் மேல் மதிப்பு வந்துவிட்டது. ஒன்றே ஒன்றைத்தான் எழுதவில்லை. மூன்றாவது லேன்.

தோழி விடவில்லை. "மரபணு இல்லாத நெல்லு எங்கம்மா?" என்றாள், துண்டைச் சரிசெய்துகொண்டே.

"அதைக் கேக்க மாட்டாங்க."

"கேட்டா?"

"கேட்டா உண்மையைச் சொல்லிடுவேன். எனக்கென்ன பயம்?"

"உனக்கில்லடி. மேடத்துக்கு."

துண்டைக் கழுத்திலிருந்து எடுத்துவிட்டாள். அன்றைக்கு அதோடு பரிட்சை முடிந்தது.

மறுநாள் மேடமே மாதிரி வைவா வைத்தார். என் குறைகளைச் சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்தது. பத்து நாற்று விஷயத்தைச் சொன்னபோது, "இதை நானே யோசிக்கல," என்றார். பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கிவிட்டுக் கேட்டார்.

"மரபணு இல்லாத ரகம் ஏன் வைக்கல?"

நான் அவரையே பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"கிடைக்கலைன்னு சொல்லிடு," என்றார். "அதுவும் குறைபாடுதானே? குறைபாட்டோட குறைபாடாப் போயிடும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சொல்ல மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் மேஜை மேல் துறைத் தலைவருக்கான தேர்வு ஏற்பாட்டுக் காகிதங்கள், பொன்னாடைப் பொட்டலம், சாப்பாட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டிய அயிட்டங்களின் பட்டியல். எல்லாம் அவர் தலையில். வாயை மூடிக்கொண்டேன். சரி மேடம் என்றேன்.

வைவா அன்று எக்ஸ்டெர்னல் காலையிலேயே வந்துவிட்டார். வயதானவர். பொன்னாடையைப் போர்த்த விடாமல் கையிலேயே வாங்கி நாற்காலிக் கையில் போட்டுக்கொண்டார். மதியம் இலைச் சாப்பாடு வேண்டாம், தயிர் சாதம் போதும் என்றார். துறைத் தலைவரின் பிற்பகல் திட்டம் அங்கேயே படுத்துவிட்டது.

என் முறை வந்தது. முதல் கேள்விகள் எல்லாம் பி.டி.எஃப். வரிசையிலேயே வந்தன. பி.சி.ஆரில் வெப்பம் ஏன் ஏறி இறங்குகிறது, ஜெல்லில் டி.என்.ஏ. ஏன் ஒரே பக்கமாக ஓடுகிறது. சொன்னேன். பிறகு குறைபாடுகள் என்ன என்றார். இதற்காகத்தான் காத்திருந்தேன். மடை திறந்த மாதிரி கொட்டினேன். பத்து நாற்று, தாங்காத வடிவம், இருட்டுக்கு இரண்டு காரணம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். எக்ஸ்டெர்னல் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். துறைத் தலைவருக்கு முகத்தில் ஈயாடவில்லை. மேடம் மட்டும் ஒரு மூலையில் உட்கார்ந்து லேசாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

எக்ஸ்டெர்னல் ஜெல் படம் இருந்த பக்கத்தைத் திருப்பினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, புத்தகத்தை முகத்துக்கு அருகில் கொண்டுபோனார்.

"சாம்பிள் ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல தண்ணிக்கு என்னம்மா வேலை?"

நானும் மேடமும், தோழியும் சேர்த்து மூன்று பேரும், எல்லாக் கேள்விகளையும் யோசித்திருந்தோம். இதை மட்டும் யோசிக்கவே இல்லை. புத்தி உள்ள யாரும் சாட்சிகளை முதலில் வரிசையாக வைத்துவிட்டு அப்புறம்தான் சாம்பிளை ஊற்றுவார்கள். லேடர், மரபணு உள்ள நெல், ஒரு சாம்பிள், தண்ணீர், மறுபடி சாம்பிள்கள் என்று எந்தப் பைத்தியமும் ஊற்றாது. அட்டையில் தங்க எழுத்து எங்கே வர வேண்டும் என்று ஒரு நாள் முழுக்க யோசித்த நாங்கள் இதைப் பார்க்கவில்லை.

"ஊத்தும்போது வரிசை மாறிடுச்சு சார்," என்றேன். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "சாம்பிளை ஊத்த ஆரம்பிச்ச பிறகுதான் தண்ணி விட்டுப்போனது ஞாபகம் வந்துச்சு. அதனால அடுத்த குழியில விட்டேன். மரபணு இல்லாத ரகமும் வச்சிருக்கணும் சார். சுத்தமான விதை கிடைக்கலை. கிடைக்காத வரைக்கும் என் முடிவை அரைகுறையாத்தான் எடுத்துக்கணும். இந்த ஆய்வோட பெரிய குறையே அதுதான்."

நானே எதிர்பார்க்கவில்லை, அவ்வளவு சரளமாக வந்தது. பத்து நாற்றைச் சொன்ன அதே குரல், அதே பணிவு. உண்மைக்கும் பொய்க்கும் என் வாயில் ஒரே தொனிதான் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

எக்ஸ்டெர்னல் புத்தகத்தை மூடினார். துறைத் தலைவர் பக்கம் திரும்பினார்.

"இத்தனை வருஷமா வைவாவுக்குப் போறேன் சார். எல்லாரும் நேரமில்ல, காசில்லன்னுதான் சொல்வாங்க. தன் வேலைல இருக்கற ஓட்டையை இப்படிப் புட்டுப்புட்டு வைக்கிற பொண்ணை இப்பத்தான் பாக்கறேன். இதுதாம்மா சயின்ஸ். இந்த நேர்மைதான்."

துறைத் தலைவருக்கு உயிர் வந்தது. ஜெயித்துவிட்டேன், மேடத்தைக் காப்பாற்றிவிட்டேன், நேர்மைக்கு மார்க்கும் வாங்கிவிட்டேன். சிரிப்பு வேறு முட்டிக்கொண்டு வந்தது. எக்ஸ்டெர்னல் மதிப்பெண் தாளை இழுத்து வைத்துப் பேனாவைத் திறந்தார்.

"சார்," என்றது மூலையிலிருந்து ஒரு குரல்.

மேடம் எழுந்து நின்றிருந்தார்.

"சார், வரிசை மாறல. சரியாத்தான் ஊத்தியிருக்கா. மூணாவது லேன்தான் மரபணு இல்லாத ரகம். அவங்க வீட்டு விதை. அதுல பட்டை வந்துடுச்சு. சாம்பிள்னு போடச் சொன்னது நான்தான் சார்."

துறைத் தலைவர் மேடத்தைப் பார்த்த பார்வையில் அடுத்த வருஷத்துக்கான அந்த ஒரு வரி எழுதி முடிக்கப்பட்டுவிட்டது. எக்ஸ்டெர்னல் பேனாவை மூடினார். சற்று முன் என்னைப் பாராட்டியதை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. பொன்னாடையை எடுத்து மடித்தார், மறுபடி பிரித்தார்.

கத்தவில்லை அவர். கத்தியிருந்தால் பரவாயில்லை. ஆராய்ச்சி நிலையத்திலிருந்து பழைய ரகத்தின் சுத்தமான விதையை வாங்கி, மறுபடி ஓட்டி, திருத்திய பக்கங்களோடு புத்தகத்தைக் கொடுத்தால்தான் மதிப்பெண் அனுப்புவேன் என்றார். வீட்டு விதையை ஒவ்வொரு நாற்றாகத் தனித்தனியே ஓட்டிப் பார்க்கவும் சொன்னார். என்னைப் பார்க்காமலேதான் சொன்னார். எங்கள் துறையின் பெருமை என்னால் முதல்முறையாக ஊசலாடியது.

மறுபடி ஓட்டினோம், நானும் மேடமும். வழக்கமாக மாதக்கணக்கில் இழுக்கும் கையெழுத்தெல்லாம் இப்போது அரை நாளில் கிடைத்து என்சைம் வந்தது. ஆராய்ச்சி நிலையத்துப் பழைய ரகம் இருட்டாக, சமர்த்தாகக் கிடந்தது. அப்பாவின் நெல்லில் பெரும்பாலான நாற்றுகள் இருட்டு, சில நாற்றுகளில் மட்டும் பட்டை. பழைய ரகத்துக்குள் புது ரகம் கலந்திருக்கிறது. அறுவடை மிஷின் பக்கத்து வயலில் அறுத்துவிட்டு, தொட்டியில் ஒட்டிய நெல்லோடு எங்கள் வயலில் இறங்கியிருக்கலாம், வேறு எப்படி வேண்டுமானாலும் கலந்திருக்கலாம். அப்பாவிடம் சொன்னபோது, "என் விதையில கலப்படமா? உன் மிஷினைப் போய்ச் சரிபாரு," என்று இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், மொத்த ப்ராஜெக்ட்டிலும் உருப்படியான கண்டுபிடிப்பு அந்த மூன்றாவது லேன்தான். வீட்டில் எடுத்து வைக்கிற விதை, வைத்திருப்பவர் நினைக்கிற விதை இல்லை. முதலிலேயே அதை அப்படியே எழுதி, 'ஏன் வந்தது என்று தெரியவில்லை' என்று ஒரு வரி போட்டிருந்தால் எக்ஸ்டெர்னல் கைகுலுக்கியிருப்பார். தெரியவில்லை என்ற ஒரு வரிக்கு இடமில்லாமல் கறுப்பு அட்டை போட்டு மூடிவிட்டோம்.

நான் பாஸ். மார்க் சுமார்தான், அதில் எனக்கு வருத்தமில்லை. திருத்திய புத்தகத்தில் மேடத்தின் கையெழுத்து வாங்கப் போனபோது அவர் மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தார். அடுத்த வருஷத்துக்கு அவர் பெயரைத் துறைத் தலைவர் எழுதவில்லை. தண்ணீர் பாட்டில், ஒரு குடை, பழைய சுவர் நாட்காட்டி எல்லாம் ஒரு கட்டைப்பைக்குள் போய்க்கொண்டிருந்தன. பையின் வாயை விரித்துப் பிடித்தேன். கூடவே கோபமும் வந்தது, அவர் மேலேயே.

"ஏன் மேடம் எழுந்தீங்க? அவர் நம்பிட்டாரே. மார்க்கே போடப் போனார். எல்லாம் முடிஞ்சிருக்கும்."

கையெழுத்துப் போட்டு, மை காயட்டும் என்று புத்தகத்தைத் திறந்தே வைத்தார்.

"நீ திக்கித் திணறிச் சொல்லியிருந்தா நான் பேசாமத்தான் உட்காந்திருப்பேன்," என்றார். "ஒரு பதட்டம் இல்ல, ஒரு தயக்கம் இல்ல. அவ்ளோ அழகாச் சொன்ன. இவ்ளோ நாளா என்கிட்டேந்து கத்துக்கிட்டது இதுதானான்னு எனக்கு உடம்பே கூசிப்போச்சும்மா."

அவர் கையெழுத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தேன், மை காய்ந்திருந்தது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.